யாருடைய இடது?

அகமதாபாத்தில் ஆடை வடிவமைப்பில் ஆய்வு செய்யும் மாணவி ஒருத்தியின் மேசையில், வெட்டப்பட்ட இரண்டு வெல்வெட் துண்டுகள் ஒன்றோடொன்று சேராமல் கிடக்கின்றன. ஒன்று ஒற்றைத் தோள் கவுனின் முன்பாகம். மற்றொன்று அதன் பின்பாகம். முன்பாகத்தில் வலத்தோளை நோக்கித் துணி ஏறுகிறது. பின்பாகத்தில் இடத்தோளை நோக்கி. தோளில் தையல் போட இரண்டு விளிம்புகள் சந்திக்க வேண்டும். இங்கே சந்திப்பதற்கு எதுவுமில்லை.

வெட்டியவர் முப்பது ஆண்டு அனுபவமுள்ள மாஸ்டர்ஜி. அவர்மீது குறை சொல்ல இடமில்லை. சமர்ப்பிக்கும் நாள் நெருங்கிவிட்டதால், மலிவான பருத்தித் துணியில் மாதிரி தைத்துப் பார்க்கும் படியை மாணவியே தவிர்த்துவிட்டாள். படம் உருவாக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவியிலிருந்து எடுத்த முன்புறப் படத்தையும் பின்புறப் படத்தையும் தனித்தனியே அச்சிட்டுக் கொடுத்திருந்தாள். முன்பாகத்தை ஒருநாள் மாஸ்டர்ஜி வெட்டினார். பின்பாகத்தை மறுநாள் அவருடைய உதவியாளர் வெட்டினார். இருவரும் தத்தம் கையிலிருந்த படத்துக்கு உண்மையாகவே நடந்துகொண்டனர்.

இரண்டு படங்களையும் அருகருகே வைத்து நோக்கிய மாஸ்டர்ஜி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “இடது என்று எழுதினீர்களே, அது யாருடைய இடது?”

தையற்கூடத்தில் இந்தக் கேள்விக்கு ஐயத்துக்கிடமற்ற விடை உண்டு. இடதும் வலதும் எப்போதும் அணிபவருடையவை. ஊடுகதிர்ப் படத்தை நோக்கும் மருத்துவர், தம் வலப்பக்கம் தெரியும் நுரையீரலை நோயாளியின் இடது நுரையீரல் என்று வாசிப்பதைப் போன்ற மரபு அது. கருவிக்கு அத்தகைய மரபு கிடையாது. அது கற்றது இணையத்துப் படங்களிலிருந்தும் அவற்றோடு ஒட்டியிருந்த விளக்க வரிகளிலிருந்தும். அவ்வரிகளை எழுதியவர்களில் சிலர் அணிபவரின் இடதையும் சிலர் பார்ப்பவரின் இடதையும் குறித்தனர்; பெரும்பாலோர் பக்கத்தையே குறிக்கவில்லை. கண்ணாடி முன் நின்று எடுத்த தற்படங்கள் குழப்பத்தை மேலும் கூட்டின. போதாக்குறைக்கு, பயிற்சித் தரவைப் பெருக்குவதற்காகப் படங்களை இடவலமாகப் புரட்டும் வழக்கமும் உண்டு. பரவலாகப் பயன்படும் ஒரு பயிற்சி நிரலில் `--random_flip` என்ற தெரிவே இருக்கிறது. படம் புரள்கிறது, அதனுடன் வரும் வாக்கியம் புரள்வதில்லை. ‘இடத்தோள் திறந்திருக்கிறது’ என்ற ஒரே வரி நேர்ப்படத்துக்கும் அதன் பிம்பத்துக்கும் சேர்ந்துவிடுகிறது. இப்படிப் பயின்ற கருவிக்கு இடது என்பது நாணயம் சுண்டுவதற்குச் சமம்.

இடவலம் ஒத்த ஆடைகளில் இக்குறை வெளிப்படுவதில்லை. வட்டக் கழுத்துச் சட்டையைப் புரட்டினாலும் அது அதே சட்டைதான். ஒற்றைத் தோள், ஒருபுறம் ஏறி மறுபுறம் இறங்கும் கீழ்விளிம்பு, ஒரு தோளிலிருந்து மட்டும் தொங்கும் கேப் போன்றவற்றில்தான் அது பிடிபடுகிறது. மாணவியின் கவுனில் இம்மூன்றும் ஒன்றாக இருந்தன. மூன்றுக்கும் தனித்தனியே பக்கம் எழுதியதால், சில படங்களில் நீண்ட விளிம்பு கேப்பின் பக்கத்துக்கே போய்விட்டது. சிலவற்றில் கேப் இரு தோள்களிலும் முளைத்தது.

பின்புறப் படத்தில் பிழை வேறு வகையானது. நம்மை நோக்கி நிற்பவரின் வலத்தோள் படத்தின் இடப்பக்கம் தெரியும். அவரே திரும்பி நின்றால் அதே தோள் படத்தின் வலப்பக்கம் வந்தாக வேண்டும். கருவியோ முன்புறத்தில் துணி இருந்த இடப்பக்கத்திலேயே பின்புறத்திலும் துணியை வைத்தது. தனித்தனியே பார்த்தால் இரண்டும் குறையற்ற படங்கள். சேர்த்துப் பார்த்தால் இரண்டு வேறு ஆடைகள். பின்துண்டைத் திருப்பிப் போட்டுச் சரிசெய்யவும் வழியில்லை. திருப்பினால் வெல்வெட்டின் மென்மயிர் உள்ளே போய்விடும்.

அதன்பின் மாணவி ‘இடது’, ‘வலது’ என்ற சொற்களையே கைவிட்டாள். படத்துக்குள் ஓர் அடையாளப் பொருளை வைத்து, மற்றவை அனைத்தையும் அதனோடு உறவுபடுத்தி எழுதினாள்:

```
full-length studio photo, woman facing the camera,
a white purse hanging from one hand.
The shoulder above the purse is bare.
The other shoulder is covered; a short cape hangs from it.
Hem: ankle-length on the purse side,
rising to the knee on the cape side.
```

இதன் பயன் எளிய வடிவியலில் இருக்கிறது. படத்தைப் புரட்டினால் இடது வலதாகும். ஆனால் ‘பையின் பக்கம்’ பையின் பக்கமாகவே நிற்கும். பயிற்சியில் படங்கள் எத்தனை முறை புரட்டப்பட்டிருந்தாலும் இத்தகைய உறவுகள் சிதைவதில்லை. ஆகவே மூன்று தனித்தனி ஐயங்கள் ஒன்றாகச் சுருங்குகின்றன: முழுப்படமும் நேரா, பிம்பமா? அதைக் கண்ணால் பார்த்து, பிம்பமாயின் ஒருமுறை புரட்டினால் போதும். கருவி உறவையே மதிக்காத படங்களும் வரத்தான் செய்தன. கீழ்விளிம்பு எந்தப் பக்கம் இறங்குகிறது என்பதை முதலில் நோக்கினால் அவற்றைக் கழித்துவிடலாம்.

பின்புறத்துக்குச் சொல்லை நம்பாமல் கோட்டை நம்பினாள். ஓர் உருவத்தின் பின்புறப் புறக்கோடு, அதன் முன்புறப் புறக்கோட்டின் பிம்பமே. நிழலில் முன்னும் பின்னும் இல்லை என்பதை நினைத்தால் இது விளங்கும். முன்புறப் படத்திலிருந்து புறக்கோட்டை மட்டும் எடுத்து, இடவலமாகப் புரட்டி, 2023இல் வெளிவந்த ControlNet போன்ற கோட்டுவழிக் கட்டுப்பாட்டுக்கு உள்ளீடாகக் கொடுத்தாள். சொல்லில் எஞ்சியது, பெண் முதுகைக் காட்டி நிற்கிறாள் என்பது மட்டுமே. கீழ்விளிம்பும் கேப்பின் ஓரமும் தத்தம் இடத்தில் விழுந்தன. தோளில் மட்டும் சில படங்களில் துணி மறுபக்கம் ஏறியது. தோளின் தோலும் துணியும் ஒரே புறக்கோட்டையே தருகின்றன அல்லவா? அவ்விடத்தை மட்டும் தூரிகையால் மறைத்து மீண்டும் வரையச் செய்தாள். மறைக்கும் தூரிகைக்கு இடவலம் தெரிய வேண்டியதில்லை. தொட்ட இடமே அதன் முகவரி.

புரட்டுவதற்கும் எல்லை உண்டு. படத்தில் எழுத்து இருந்தால் இடவலம் மாறித் தெரியும்; சட்டையின் பொத்தான் மடிப்பு பால் மாறிவிடும். சேலை இன்னும் கடினமானது. இடத்தோளின் வழியே பின்னால் விழும் முந்தானையைப் புரட்டினால், வலத்தோளில் முன்னே விழும் குஜராத்தியச் ‘சீதா பல்லு’ கிடைத்துவிடாது. வேறொரு கட்டுதான் கிடைக்கும். அங்கே புறக்கோட்டையும் கையால் வரைந்தே தொடங்க வேண்டும்.

இப்போது அவளுடைய ஒவ்வோர் அச்சுப்படியிலும் திறந்த தோளின்மேல், ‘அணிபவரின் இடது’ என்று பேனாவால் எழுதியிருக்கிறது. அதைக் கருவி எழுதுவதில்லை. முன்னும் பின்னும் சேர்த்துப் பார்த்த பிறகு அவளே எழுதுகிறாள். அந்த எழுத்து இல்லாத படத்துக்கு மாஸ்டர்ஜி கத்தரியை எடுப்பதில்லை.