பாப்பா சீட்டும் மூணு போட்டோவும்

மஞ்சள் வேகவைக்கிறதைப் பத்தி மிச்சத்தை எழுதறேன்னு போன பதிவுல சொல்லியிருந்தேன். அது அடுத்த வாரம். இன்னைக்கு வேற ஒரு சமாச்சாரம்.

உங்கள்ல பலபேர் மாடித்தோட்டத்துத் தக்காளி இலையைப் போட்டோ எடுத்து அனுப்பி, "இது என்ன நோய்ங்க?"ன்னு கேப்பீங்க. நான் உடனே பதில் சொல்ல மாட்டேன். "இலையைத் திருப்பி அடிப்பக்கத்தை ஒரு போட்டோ எடுங்க"ம்பேன். வெள்ளை ஈ அங்கதான் ஒட்டிக்கிட்டு இருக்கும். இந்தப் பழக்கம் பொங்கல் சமயத்துல என் பேத்தி விஷயத்துல உதவுச்சு.

என் மக கோயமுத்தூர்ல இருக்கா. பேத்திக்கு அப்ப எட்டு மாசம். பொங்கலுக்கு ஊருக்கு வர்றதுக்காக மாப்பிள்ளை காருக்குக் குழந்தை சீட் வாங்கி, பாப்பாவை உக்கார வச்சு வாட்ஸப்புல படம் அனுப்பினார். பாப்பா பொக்கை வாயைக் காட்டிச் சிரிக்கிறா. ஊட்டுல எல்லாரும் போனைப் புடுங்கிப் புடுங்கிப் பார்த்தாங்க. எனக்கு மட்டும் ஒண்ணு உறுத்துச்சு. பாப்பா நம்மளை மாதிரியே ரோட்டைப் பார்த்து உக்காந்திருந்தா.

ரெண்டு வருசம் முன்னாடி துபாயில இருந்து வந்த எங்க அக்கா மகன், கைக்குழந்தையோட சீட்டைக் காருக்குள்ள திருப்பி மாட்டினான். குழந்தை கார் சீட்டோட முதுகைப் பார்த்து உக்காந்திருந்துச்சு. நான் சிரிச்சேன். "சிரிக்காதீங்க மாமா"ன்னு அவன் விளக்கம் சொன்னான். குழந்தைக்கு உடம்பைப் பார்க்கத் தலை பெருசு, கனமும் அதிகம். கழுத்து எலும்பு இன்னும் முத்தியிருக்காது. முன்னாடி பார்த்து உக்காந்திருக்கும்போது வண்டி எதுலயாவது மோதினா, உடம்பை வார் புடிச்சுக்கும், தலை மட்டும் முன்னால வீசப்படும். அத்தனை இழுப்பும் கழுத்துல வந்து விழும். பின்னாடி பார்த்து உக்காந்திருந்தா தலை, கழுத்து, முதுகு மூணும் சேர்ந்து சீட்டோட முதுகுல அமுங்கும், இழுப்பு பரவிரும். ஐரோப்பாவுல ஆர்129ங்கிற விதிப்படி 15 மாசம் தாண்டற வரைக்கும் இப்படித்தான் உக்கார வைக்கணும். சீட்டோட உயர, எடை அளவு இடங்கொடுத்தா அதுக்கு மேலயும் அப்படியே வைக்கறது நல்லது.

மகளுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். அவ சீட்டைத் திருப்பி மாட்டி, அடுத்த நாள் காலையில ரெண்டாவது போட்டோ அனுப்பினா. அதைப் பார்த்ததும் எனக்குப் பகீர்னுச்சு. பாப்பா இப்ப சரியா பின்னாடி பார்த்து உக்காந்திருக்கா, ஆனா சீட் டிரைவருக்குப் பக்கத்துல முன் சீட்ல இருக்குது. படத்தோட ஓரத்துல டேஷ்போர்டுல ஏர்பேக்னு எழுத்து தெரியுது. வெயில் மறைக்கிற மடக்குப் பலகையில ஒரு ஸ்டிக்கர், குழந்தை சீட் படத்து மேல சிவப்புக் கோடு போட்டது.

"பின்னாடி வச்சா அவ முகமே தெரியலைப்பா. நான் தனியா ஓட்டிட்டு வரும்போது அழுதா என்ன பண்றது?"ன்னா மக. நியாயமான கவலைதான். ஆனா முதல் போட்டோவுல இருந்த தப்பை விட இது பெரிய தப்பு. திருப்பி மாட்டின சீட்டோட முதுகு டேஷ்போர்டுக்கு வெகு கிட்ட நிக்கும். பாப்பா தலை அந்த முதுகுலதான் சாஞ்சிருக்கும். சின்னதா ஒரு மோதல்ல ஏர்பேக் வெடிச்சாலும், கண் இமைக்கறதுக்குள்ள விரிஞ்சு அந்த முதுகைத்தான் அடிக்கும். பெரியவங்களைக் காப்பாத்தற பை குழந்தை உசுருக்கே எமன் ஆயிரும். "பின்னாடியே வை சாமி. அழுதா ஓரமா நிறுத்திப் பாரு. பத்து நிமிசம் தாமதமா வந்தா என்ன?"ன்னு சொன்னேன்.

"இந்தத் தடவை பக்கவாட்டுல இருந்து எடு. பாப்பா ஸ்வெட்டரைக் கழட்டிட்டு எடு"ன்னும் சொன்னேன். கூடவே சீட்டோட வந்த கையேட்டையும் பக்கம் பக்கமாப் போட்டோ புடிச்சு அனுப்பச் சொல்லி, கண்ணாடி போட்டுக்கிட்டுப் படிச்சேன். மூணாவது போட்டோவுல ரெண்டு விஷயம் தெரிஞ்சுது.

ஒண்ணு, தோள் வார். பாப்பா தோளுக்கு நாலு விரக்கடை மேல இருந்த ஓட்டையில இருந்து வார் இறங்கி வந்துச்சு. பின்னாடி பார்க்கிற சீட்ல அது தோளுக்கு நேராவோ கொஞ்சம் கீழேயோ இருக்கோணும். ஏன்னா மோதும்போது குழந்தை சீட் முதுகுலயே மேல் நோக்கி வழுக்கும். வார் கீழ இருந்து வந்தாத்தான் அதை அமுக்கிப் புடிக்கும். பெரிய குழந்தை முன்னாடி பார்த்து உக்காரும்போது இது தலைகீழ், தோளுக்கு நேராவோ கொஞ்சம் மேலயோ இருக்கோணும்.

ரெண்டு, காரோட பெல்ட் போற வழி. அவங்க வாங்கினது ரெண்டு பக்கமும் திருப்பிப் போடற சீட். பின்னாடி பார்த்து மாட்ட நீலக் குறி, முன்னாடி பார்த்து மாட்ட சிவப்புக் குறி. சீட்டைத் திருப்பினவங்க, பெல்ட்டைப் பழகின சிவப்பு வழியிலயே கோத்திருந்தாங்க. முன்னாடி நின்னு எடுத்த படத்துல இது தெரியவே தெரியாது. பக்கவாட்டுப் படத்துலதான் தெரியும். அதான் நம்ம இலையோட அடிப்பக்கம்.

ரெண்டையும் மாத்தினாங்க. ஆனா எந்தப் போட்டோவுலயும் தெரியாத ஒண்ணு இருக்குது, இறுக்கம். பொங்கலுக்கு முந்தின நாள் வாசல்ல கார் வந்து நின்னதும், பாப்பாவைத் தூக்கறதுக்கு முன்னாடி அவ தோள் வாரைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வச்சுக் கிள்ளிப் பார்த்தேன். துணி மடிப்பு கையில வரலை, இறுக்கம் சரி. வந்திருந்தா வார் தளர்வுன்னு அர்த்தம். அப்புறம் பெல்ட் நுழையற இடத்துல சீட்டைப் புடிச்சு ஆட்டினேன். மூணு அங்குலத்துக்குக் குறையாம ஆடுச்சு. ஒரு அங்குலத்துக்கு மேல ஆடக்கூடாது.

வைக்கோல் பாரம் கட்டும்போது மேல ஒருத்தன் ஏறி மிதிச்சாத்தான் கீழ இழுக்கிறவனுக்குக் கயிறு இறுகும். அதே வேலைதான். மாப்பிள்ளை சீட்டைப் பலமா அமுக்கிப் புடிச்சுக்கிட்டார், நான் பெல்ட்ல இருந்த தளர்வையெல்லாம் இழுத்து விட்டேன். அப்புறம் ஆட்டிப் பார்த்தோம், அசையலை.

இதெல்லாம் முடிஞ்சு நான் கொஞ்சம் பெருமையா உக்காந்திருக்கும்போது, மக அவ போன்ல ஒரு பழைய போட்டோவைத் தேடி எடுத்து நீட்டினா. "இதுல என்னென்ன தப்புன்னு சொல்லுங்கப்பா."

படத்துல நான்தான். எக்ஸ்எல் வண்டியில எனக்கு முன்னாடி மூத்த பேரன், அப்ப மூணு வயசு, ஹேண்டில்பாரைப் புடிச்சுக்கிட்டு நின்னுட்டு வர்றான். அவன் தலையில ஹெல்மெட் இல்லை, என் தலையிலயும் இல்லை. மோதினா அவன் நேரா ஹேண்டில்பார்லதான் போய் அடிப்பான், பின்னாடி இருந்து என் உடம்பும் அவன் மேல சாயும். இருசக்கர வண்டியில நாலு வயசுக்குக் கீழ உள்ள குழந்தைக்குப் பாதுகாப்பு வார் மாட்டோணும்னு 2022-ல மத்திய அரசு விதி போட்டிருக்குது. குழந்தைக்கு ஒரு சட்டை மாதிரி போட்டு, அதோட வாரை ஓட்டறவர் தோள்ல மாட்டிக்கோணும். ஒன்பது மாசத்துல இருந்து ஹெல்மெட். வேகம் 40-ஐத் தாண்டக்கூடாது.

"எல்லாமே தப்புதான் சாமி"ன்னேன்.

பேரனுக்கு இப்ப ஆறு வயசு. வாரை விட ஹெல்மெட்தான் அவனுக்கு முக்கியம். ஈரோடு போய் அவன் தலைக்குப் பொருந்தற மாதிரி ஒண்ணு வாங்கிட்டு வந்தேன். அதைப் போட்டுக்கிட்டு பின்னாடி உக்காந்து வர்றான். முன்னாடி நிக்க விடலைன்னு இன்னும் அப்புச்சி மேல கோவம்.