ஒன்பதாயிரம் பேர் பார்த்த பாடம்

போன மாதம் ஒரு வியாழக்கிழமை இரவு, எங்கட பழைய மாணவர் சங்கச் செயலாளர் நாநா எனக்குக் கோல் எடுத்தார். குரலில் அப்படியொரு சந்தோசம்.

"சேர், உங்கட கணக்கு வீடியோ ஒம்பதாயிரம் தாண்டிட்டு. பாத்தீங்களா? இன்னும் ஆறு வீடியோ இருக்கே, அதுக்கும் போடுவமா?"

விசயம் இதுதான். சாதாரண தரப் பிள்ளைகளுக்காக நான் போனில் எடுத்துப் போடும் கணக்குப் பாடங்களை ஒரு யூடியூப் சனலில் சேர்த்து வைத்திருக்கிறேன். நாளைக்கு முப்பது நாப்பது பேர் பார்ப்பார்கள். "இது ஊர் முழுக்கப் போய்ச் சேரணும்" என்று சங்கத்தில் முடிவெடுத்து, விளம்பரம் செய்து தரும் ஒரு தம்பியிடம் ஒரு வீடியோவுக்கு 15,000 ரூபா கொடுத்திருந்தார்கள். நல்ல எண்ணத்தில் செய்தது. மிச்சம் ஆறு வீடியோவுக்கும் என்றால் இன்னும் 90,000 ரூபா. அது பிள்ளைகளுக்கு மாதிரி வினாத்தாள் அடிக்க ஒதுக்கிய காசு.

"ரெண்டு நாள் தாங்க நாநா, பாத்துட்டுச் சொல்றன்" என்றேன். அவருக்கு முகம் சுருங்கியிருக்கும்.

உடனே சந்தேகப்படாததற்கு ஒரு காரணம் இருக்கிறது. போன வருசம் பரீட்சைக்கு முதல் நாள் இரவு இதே வீடியோ சட்டென்று ஏறியது. யாரோ எண்ணிக்கையைக் கூட்டி விளையாடுகிறார்கள் என்று நினைத்து, வகுப்பில் இரண்டு பொடியன்மாரை விசாரித்தும் விட்டேன். பிறகுதான் தெரிந்தது, ஒரு டீச்சர் பெற்றோர் வட்ஸ்அப் குழுக்களில் லிங்கைப் போட்டிருக்கிறார். பாவம், அந்தப் பொடியன்மார். எண்ணிக்கை திடீரென்று ஏறுவது குற்றம் இல்லை என்று அன்றைக்குப் படித்துக்கொண்டேன். வந்தவர்கள் எந்த வாசலால் வந்தார்கள், உள்ளே வந்து என்ன செய்தார்கள் என்ற இரண்டையும் பார்த்த பிறகுதான் வாய் திறக்க வேண்டும்.

சனல் வைத்திருப்பவருக்கு யூடியூப் ஸ்டூடியோவில் Analytics என்று ஒரு பகுதி இருக்கிறது. அதில் Traffic source என்பதுதான் நான் சொன்ன வாசல். தேடி வந்தவர்கள் YouTube search என்ற வரியில் வருவார்கள். வேறு வீடியோவின் பக்கத்தில் கண்டு வந்தவர்கள் Suggested videos. வெளியில் ஒரு லிங்கை அமத்தி வந்தவர்கள் External. அந்த External என்பதைத் திறந்தால், எந்தத் தளம், எந்த அப் என்று பெயரும் காட்டும். போன வருசம் அதைத் திறந்தபோது WhatsApp என்று இருந்தது. 212 பார்வைகள். வாசல் தெரிந்த வாசல்.

இந்த முறை அந்த இரண்டு நாளில் மொத்தம் 9,200 பார்வைகள். அதில் 9,100 External. திறந்து பார்த்தேன். வட்ஸ்அப்பும் இல்லை, பேஸ்புக்கும் இல்லை. நான் கேள்விப்படாத சில தளங்களின் பெயர்கள். ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்தேன். ஒன்றிலும் என் வீடியோவின் லிங்க் இல்லை. தமிழில் ஒரு எழுத்துக்கூட இல்லை.

இந்த இடத்தில் ஒரு நியாயமான கேள்வி வரும். தம்பி காசு கட்டி விளம்பரம் போட்டிருந்தால் தெரியாத ஆட்கள் வரத்தானே செய்வார்கள்? வருவார்கள். ஆனால் கூகுள் ஊடாக முறையாகக் காசு கட்டி வீடியோவை யூடியூப்பில் ஓடவிட்டால், அந்தப் பார்வைகள் YouTube advertising என்ற தனி வரியில் விழும். என் பட்டியலில் அந்த வரியே இல்லை. வாங்கிய காசுக்கு விளம்பரம் நடந்ததா என்று கேட்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

அடுத்து நேரம். Realtime என்பதைத் திறந்தால், கடைசி 48 மணித்தியாலத்தில் ஒவ்வொரு மணிக்கும் எத்தனை பேர் என்று குச்சி குச்சியாகக் காட்டும். எங்கட பிள்ளைகளின் குச்சிகள் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். பள்ளிக்கூட நேரம் ஒன்றும் இருக்காது. மஃரிபுக்குப் பிறகு ஏறும், எட்டுக்கும் பத்துக்கும் இடையில் உச்சம், பன்னிரண்டுக்கு மேல் படுத்துவிடும். இந்த முறை முப்பது மணித்தியாலம், மணிக்கு ஏறத்தாழ 300. பகல் பதினொரு மணிக்கும் 300, சுபஹுக்கு முந்தி மூன்று மணிக்கும் 300. செங்கல் அடுக்கினது போல ஒரே மட்டம். தூங்காத, சாப்பிடாத, பள்ளிக்கூடம் போகாத பிள்ளைகள்.

உள்ளே வந்து என்ன செய்தார்கள் என்பதை அடுத்த நாள்தான் பார்க்க முடிந்தது. அந்தக் கோடு வர ஒன்றிரண்டு நாள் எடுக்கும். Audience retention என்று பெயர். வீடியோவின் ஒவ்வொரு கணத்திலும் நூற்றுக்கு எத்தனை பேர் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று காட்டும் கோடு அது.

இந்தக் கோட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இதுதான் எனக்கு உண்மையில் வலித்த இடம்.

என் பாடம் 14 நிமிடம் 20 விநாடி. மூவுறுப்பு இருபடிக் கோவையைக் காரணிப்படுத்துவது. மனிதர்கள் பார்க்கும்போது கோடு முதல் அரை நிமிடத்தில் சரசரவென்று இறங்கும். தவறி அமத்தினவர்கள், வேறு பாடம் தேடினவர்கள் போய்விடுவார்கள். பிறகு மெதுவாகச் சரியும். ஆனால் 6 நிமிடம் 40 விநாடியில் ஒரு சின்ன மேடு இருக்கும். அந்த இடத்தில்தான் நான் x² − x − 6 என்பதைச் செய்கிறேன். கடைசி உறுப்பு மறை. மூன்றும் இரண்டும் என்று எல்லாருக்கும் தெரியும், எதற்கு மறைக் குறி போடுவது என்பதில்தான் பிள்ளைகள் மாட்டுவார்கள். மாட்டினவர்கள் பின்னுக்கு இழுத்துத் திரும்பப் பார்ப்பார்கள். ஒரே இடம் இரண்டு மூன்று தரம் ஓடுவதால் கோடு அங்கே மேலே எழும்பும்.

அந்த மேட்டைப் பார்த்துத்தான் போன வருசம் வகுப்பில் அந்த ஒரு படிக்கு ஒரு முழுப் பாடவேளை ஒதுக்கினேன். கை உயர்த்திக் கேட்க வெட்கப்படும் பிள்ளைகள் வீட்டில் போனில் கேட்ட கேள்வி அது.

இப்போது அந்த இரண்டு நாளின் கோடு எப்படி இருந்தது? தொடக்கத்தில் நூற்றுக்குக் கிட்டத்தட்ட நூறு. சரிவே இல்லை. நாற்பது விநாடி வரைக்கும் அடிமட்டம் வைத்துக் கீறினது போல நேராகப் போய், அந்த இடத்தில் கிணற்றில் விழுந்தது போல நேரே கீழே. அதற்குப் பிறகு தரையோடு ஒட்டிய கோடு. ஒன்பதாயிரம் மனிதர்கள் ஒரே விநாடியில் அலுத்துப் போக மாட்டார்கள். ஒருவருக்குப் பத்தாவது விநாடியில் அலுக்கும், ஒருவருக்கு மூன்றாவது நிமிடத்தில் உம்மா கூப்பிடுவா. எல்லாரும் ஒரே நேரம் எழும்பிப் போகிறார்கள் என்றால், யாரோ மணி வைத்திருக்கிறார்கள்.

கூடுதல் காசுக்கு வீடியோவை முடியும் மட்டும் ஓடவிடுகிறவர்களும் உண்டு. அப்போது கிணறு இருக்காது. கோடு தொடக்கத்தில் இருந்து கடைசி வரை மேலேயே படுத்திருக்கும். அதுவும் மனிதக் கோடு இல்லை. சரிவும் மேடும் இல்லாத கோட்டை நம்பாதீர்கள்.

Advanced mode என்பதில் வாசல் வாரியாகச் சராசரி நேரம் பார்க்கலாம். அந்த External வரிக்கு 41 விநாடி. மிச்ச நூறு பேருக்கு 5 நிமிடம். இரண்டையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் 44 விநாடி! வகுப்பில் நாற்பது பிள்ளைகள் எழுதிய விடைத்தாள்களோடு 3,640 வெற்றுத் தாள்களைக் கலந்து சராசரிப் புள்ளி எடுத்தது போல. நாற்பது பிள்ளைகளும் என்ன எழுதினார்கள் என்பது அழிந்து போகிறது. என் கோட்டில் அந்த 6.40 மேடு காணாமல் போனது அப்படித்தான். பிள்ளைகள் அங்கேயேதான் மாட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்குத்தான் தெரியவில்லை.

ஒன்று மட்டும் கவனம். குறைந்த நேரம் பார்த்தார்கள் என்பதை மட்டும் வைத்து யாரையும் பிடிக்கக் கூடாது. உண்மையான விளம்பரத்திலும் ஆட்கள் சில விநாடியில் தள்ளிவிட்டுப் போவார்கள். லைக், கொமன்ட் இல்லை என்பதும் போதாது, எங்கட பிள்ளைகள் பார்த்துவிட்டு ஒன்றுமே சொல்லாமல் போகிறவர்கள். வாசல், நேரம், கோடு மூன்றும் ஒரே கதையைச் சொன்னால்தான் பேச வேண்டும். இங்கே மூன்றும் சொன்னது.

சனிக்கிழமை அஸருக்குப் பிறகு செயலாளர் நாநாவும் நானும் அந்தத் தம்பியைச் சந்தித்தோம். கூட்டத்தில் வைத்துக் கேட்கவில்லை, அவனுடைய வாப்பா எங்களோடு படித்தவர்.

"தம்பி, எந்தக் கணக்கால விளம்பரம் போட்டீங்க? அந்த ரிப்போட்டக் காட்டேலுமா?" என்று மட்டும் கேட்டேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "விளம்பரம் இல்ல சேர். ஒரு பெனல்ல ஓடர் பண்ணினன். ஆயிரத்துக்கு இவ்வளவெண்டு விப்பாங்க. அதுவும் ஆக்கள்தான் பாக்கிறாங்கெண்டு நெனச்சன்" என்றான்.

பொய் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை. அவனுக்கும் யாரோ அப்படித்தான் விற்றிருக்கிறார்கள். இப்படி வாங்கும் பார்வைகள் யூடியூப்பின் விதிக்கு மாறு, சனலுக்கே தண்டனை வரலாம் என்று காட்டினேன். பாதிக் காசைத் திருப்பித் தந்தான். அடுத்த வாரத்துக்குள் யூடியூப்பே ஏழாயிரத்துக்கு மேல் கழித்துவிட்டது. செயலாளர் நாநா அந்த எண்ணிக்கையைப் பார்த்து, "வந்த மாதிரியே போயிட்டே சேர்" என்றார்.

90,000 ரூபா வினாத்தாளுக்கே போனது. மிச்ச ஆறு வீடியோவின் லிங்கையும் வகுப்பாசிரியர்கள் பெற்றோர் குழுக்களில் போட்டார்கள். போன கிழமை போட்டதற்கு 63 பார்வைகள். External திறந்தால் WhatsApp. சராசரி 6 நிமிடம் சொச்சம்.

பழைய வீடியோவுக்கு, அந்தப் பார்வைகள் வரத் தொடங்கியதற்கு முதல் நாளோடு திகதியை நிறுத்திக் கோட்டைத் திரும்ப எடுத்தேன். மேடு அதே இடத்தில் இருக்கிறது. திங்கட்கிழமை பத்தாம் வகுப்பில் மறைக் குறியில் இருந்து தொடங்குகிறோம். உங்கட பிள்ளை அந்த வகுப்பில் இருந்தால், ஞாயிறு இரவு அந்த 6.40ஐ ஒரு தரம் பார்க்கச் சொல்லுங்கள். விளங்காவிட்டால் பின்னுக்கு இழுத்துப் பார்க்கட்டும். எனக்குத் தெரியவரும்.