வெற்றிடம் உண்மையிலேயே வெற்றிடமா?

ஒரு வேலை விளம்பரத்துக்கு ஏற்ற மாதிரி சீவியைத் திருத்துறதெண்டால் எங்களுக்கு ஒரு இரவு போகும். கணக்கியல் படிச்ச பெடியனுக்கு 'கணக்காளர் தேவை' எண்ட விளம்பரம் நேரடியாகப் பொருந்தும். கலைப்பீடத்தில் படிக்கிற எங்களுக்கு அப்படி இல்லை. ஆய்வுக்கட்டுரைக்காக முப்பது வீடு ஏறி இறங்கினதை 'தரவு சேகரிப்பு' என்றும், பீடத்து நாடக விழாவை 'நிகழ்ச்சி ஒருங்கிணைப்பு' என்றும் ஒவ்வொரு விளம்பரத்தின் மொழிக்கும் மாற்றி எழுதவேண்டும். அவ்வளவு மினக்கெட்டு அனுப்பின இடத்தில் வேலையே இல்லையெண்டால்?

அப்படியான விளம்பரங்கள் இரண்டு வகை. ஒன்று, ஆளே எடுக்கப்போகாத விளம்பரம். ஆங்கிலத்தில் இதைப் பேய் விளம்பரம் எண்டு சொல்லுவினம். ஆள் எடுத்து முடிஞ்ச பிறகும் கழற்றாமல் விட்டது, உள்ளுக்குள்ள ஒருவரைத் தீர்மானிச்சுப்போட்டு முறைக்காகப் போட்டது, இன்னும் கிடைக்காத நிதியை நம்பிப் போட்டது எல்லாம் இதற்குள் அடங்கும். இரண்டாவது, எப்பவும் திறந்தே கிடக்கிற விளம்பரம். காப்புறுதி முகவர், கோல் சென்ரர் போன்ற வேலைகளுக்கு ஆட்கள் வந்து வந்து போவதால் வருசம் முழுக்க ஆள் தேவைப்படும். அது பொய் இல்லை. ஆனால் அங்கே உங்கட சீவியை ஒருவர் இருந்து வாசிச்சு அளக்கப்போவதில்லை. வேறு சில இடங்களில் பிறகு பார்க்கலாம் எண்டு சீவிகளைச் சேர்த்து மட்டும் வைப்பினம்.

அளவெட்டியில் பக்கத்துப் பக்கத்து ஒழுங்கைகளில் இருக்கிற நாங்கள் நாலு பேர் எங்களுக்குள் ஒரு முறை வைத்திருக்கிறோம். முதல் பத்து நிமிடம் விளம்பரத்தைச் சோதிக்கிறது, அதற்குப் பிறகுதான் சீவியைத் திறக்கிறது. சோதிக்கிற விதத்தை ஒரு உதாரணத்தோடு சொல்கிறோம்.

போன செமஸ்ரரில் கொழும்பு நிறுவனம் ஒன்றின் விளம்பரம் எங்கட வட்ஸ்அப் குழுவுக்கு வந்தது. தமிழில் உள்ளடக்கம் எழுத ஆள் தேவை, அனுபவம் அவசியமில்லை. எங்களுக்கென்றே எழுதினது மாதிரி இருந்தது. முதலில் விளம்பரத்துக்குள் என்ன இல்லை எண்டு பார்த்தோம். எத்தனை பேர் தேவை எண்டு இல்லை. முடிவுத் திகதி இல்லை. யாருக்குக் கீழே வேலை எண்டு இல்லை. சம்பளம் 'கவர்ச்சிகரமானது'.

ஒப்பிட்டுப் பார்க்க வெள்ளிக்கிழமை வர்த்தமானியை எடுங்கள். அதில் வருகிற பதவி அறிவித்தலில் சம்பள அளவுத்திட்டமும், தகைமையும், விண்ணப்ப முடிவுத் திகதியும் இருக்கும். தனியார் விளம்பரம் அவ்வளவு விபரமாக இருக்கவேண்டியதில்லை. ஆனால் ஒரு கதிரை உண்மையிலேயே காலியாக இருந்தால், அதை எப்ப நிரப்பவேண்டும் எண்டு ஒருவருக்காவது அவசரம் இருக்கும். அந்த அவசரம் ஏதோ ஒரு வரியில் தெரியும். சம்பளம் இல்லாததை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம், இங்கே உண்மையான வேலைக்கும் அதை மறைக்கிறவை இருக்கினம். திகதியும் எண்ணிக்கையும் பொறுப்பாளரும் சேர்ந்து இல்லாமல் போனால்தான் சந்தேகம்.

அடுத்தது வயது. LinkedIn பக்கத்தில் அந்த விளம்பரத்தின் கீழ் Reposted எண்டு இருந்தது. அதாவது நாலு நாள் எண்டு காட்டுவது திரும்பப் போட்ட கணக்கு, முதல் போட்ட நாள் அது இல்லை. அதனால் நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் அதே விளம்பரத்தைக் கணினியில் திறந்து, Ctrl+U அழுத்தி, வருகிற பக்கத்தில் datePosted எண்டு தேடினோம். கூகிள் தேடலில் வேலைகள் சரியாகத் தெரியவேண்டும் என்பதற்காகப் பல தளங்கள் இந்தத் திகதியைப் பக்கத்துக்குள் எழுதி வைத்திருக்கும். எங்களுக்குக் கிடைச்சது இது:

```
"datePosted": "2024-03-11"
```

நாங்கள் பார்த்தபோது அது ஏழு மாதம் பழசு. விளம்பரம் காலாவதியாகிற நாளைச் சொல்கிற validThrough எண்ட வரி இருக்கவே இல்லை. இதற்கும் ஒரு எல்லை உண்டு. சில தளங்கள் இந்தத் திகதியைத் தானாகவே புதுப்பிக்கும், சிலவற்றில் அந்த வரியே இருக்காது. பழைய திகதி கிடைச்சால் அது சாட்சி. புதுத் திகதி கிடைச்சால் அதை வைத்து ஒன்றும் சொல்லமுடியாது. அப்ப விளம்பரத்தில் இருந்து வித்தியாசமான ஒரு வசனத்தை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுங்கள், பழைய பிரதிகள் வேறு தளங்களில் மாட்டுப்படும். எங்களுக்கு அதற்குத் தேவை வரவில்லை. ஒரு வருசம் மூத்த அக்கா ஒருவரிடம் கேட்டபோது, தான் விண்ணப்பிச்ச நேரம் எடுத்த ஸ்கிரீன்ஷொட்டை அனுப்பினா. அதே வசனங்கள், அதே எழுத்துப்பிழை. அவவுக்குப் பதிலே வரவில்லையாம்.

இவ்வளவும் சந்தேகம்தான். தெரிவான ஆள் வராமல் விட்டதால் திரும்பப் போட்டிருக்கலாம். அதனால் கடைசியாக நேரடியாகவே கேட்டோம். மின்னஞ்சலில் மூன்று கேள்வி: இது புதிதாக உருவாக்கின பதவியா, யாராவது விலகின இடமா? நேர்முகத் தேர்வுகள் எந்தக் கிழமை நடக்கும்? தெரிவானவர் எப்ப வேலை தொடங்கவேண்டும்? இரண்டு நாளில் மரியாதையாகப் பதில் வந்தது. நல்ல விண்ணப்பதாரர்களை எப்பவும் வரவேற்கிறார்களாம், சீவியை அனுப்பினால் கோப்பில் வைத்திருந்து தேவை வரும்போது தொடர்புகொள்வார்களாம். மூன்று கேள்விக்கும் விடை இல்லை, ஆனால் விசயம் விளங்கிவிட்டது. இது சீவி சேர்க்கிற பெட்டி. நாங்கள் மூன்று பேர் பொதுச் சீவியையே அனுப்பிவிட்டு விட்டோம். ஐந்து நிமிட வேலை.

அதே கிழமை யாழ்ப்பாணத்தில் ஒரு தொண்டு நிறுவனத்தின் விளம்பரமும் வந்தது. கள உத்தியோகத்தர் ஒருவர், பதினொரு மாதம், திட்டத்தின் பெயர், வேலை செய்கிற பிரதேச செயலகப் பிரிவு, முடிவுத் திகதி எல்லாம் இருந்தன. இப்படியான விளம்பரங்களில் அடியில் சின்னதாக 'நிதி கிடைப்பதைப் பொறுத்தது' என்ற கருத்தில் ஒரு ஆங்கில வரி இருக்கா எண்டு பாருங்கள். திட்டத்துக்கு இன்னும் காசு வராமலே, முன்மொழிவோடு இணைக்கிறதுக்குச் சீவி சேர்க்கிறவையும் இருக்கினம். இதில் அந்த வரி இல்லை. கேட்டபோது எழுத்துப் பரீட்சை எந்தக் கிழமை எண்டும் சொன்னார்கள். அந்த ஒன்றுக்குத்தான் ஒரு இரவு முழுக்க இருந்து சீவியைத் திருத்தினோம். எங்களில் ஒருவர் பரீட்சைக்குக் கூப்பிடப்பட்டார். வேலை கிடைக்கவில்லை, ஆனால் அங்கே ஒரு வேலை இருந்தது, ஒருவர் அதற்குப் போனார்.

முறைக்காகப் போடுகிற விளம்பரத்தை மட்டும் இப்படிப் பிடிக்கிறது கஷ்டம். திகதி, எண்ணிக்கை எல்லாம் சரியாகவே இருக்கும். முடிவுத் திகதி நாலைந்து நாளுக்குள், தகைமைகள் ஒரே ஒரு ஆளின் அளவுக்குத் தைச்ச சட்டை மாதிரி இருந்தால் யோசியுங்கள். அதற்கு மேல் வெளியில் இருந்து கண்டுபிடிக்க வழியில்லை.

எங்கட சொந்தக்காரர் பலர் இருக்கிற கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், இருபத்தைந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்கிற நிறுவனங்கள் 2026 ஜனவரி 1 முதல், பகிரங்கமாகப் போடும் வேலை விளம்பரத்தில் அது இப்ப இருக்கிற வெற்றிடத்துக்கா இல்லையா எண்டு எழுதவேண்டும். நேர்முகத்துக்குக் கூப்பிட்டவருக்கு, ஆள் எடுப்பது பற்றி முடிவெடுத்தார்களா என்பதை 45 நாளுக்குள் அறிவிக்கவும் வேண்டும். இங்கே நாங்கள் பார்த்த எந்த விளம்பரத்திலும் அப்படியொரு வரியைக் காணவில்லை. அதுவரைக்கும் அந்த வரியை நாங்களே கேட்டு எழுதி வாங்கவேண்டியதுதான். மேலே உள்ள மூன்று கேள்வியையும் அப்படியே கொப்பி பண்ணுங்கள். பதில் வராவிட்டால் அதையே பதிலாக எடுத்து, பொதுச் சீவியை அனுப்பிவிட்டுப் படுங்கள்.