காலண்டரில் இரண்டு தேதி

மகளிர் நலம் பற்றிய நிகழ்ச்சி ஒலியேறும் நாள்களில், எனக்கு வரும் வாட்ஸ்அப் செய்திகளில் பாதி, "அக்கா, பேர் சொல்லாதீங்க" என்றுதான் தொடங்கும். அவற்றுள் அடிக்கடி வரும் கேள்வி ஒன்று உண்டு. அவசரக் கருத்தடை மாத்திரை சாப்பிட்டாச்சு, ஆனால் மாதவிடாய் வரவில்லை. அல்லது வரவேண்டிய நாளுக்கு முன்பே வந்துவிட்டது. இதற்கு என்ன அர்த்தம்?

மாத்திரையை எத்தனை மணி நேரத்துக்குள் விழுங்க வேண்டும் என்று மருந்தகத்தில் சொல்லிவிடுகிறார்கள். அதன் பிறகு வரும் மூன்று வாரத்தைப் பற்றித்தான் பலருக்குத் தெரிவதில்லை. தூக்கம் கெடுவதும் அந்த மூன்று வாரத்தில்தான்.

என் சித்தி மகளின் கதையை, அவள் சம்மதத்தோடு இங்கே எழுதுகிறேன். கல்யாணமாகி ஆறு வருடம். பாலர் பள்ளிக்குப் போகும் மகன் இருக்கிறான். இரண்டாவது குழந்தையை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள். மார்ச் 12 இரவு ஆணுறை கிழிந்துவிட்டது. மறுநாள் காலை வேலைக்குப் போகும் வழியில் மருந்தகத்தில் நிறுத்தி, லெவோநோர்ஜெஸ்ட்ரல் என்ற மருந்து உள்ள மாத்திரையை வாங்கிச் சாப்பிட்டாள். 72 மணி நேரம் வரை அவகாசம் உள்ள மாத்திரை அது. அவள் 12 மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிட்டாள்.

மார்ச் 18-ஆம் தேதி லேசாக இரத்தம் பட்டது. மறுநாளும் கொஞ்சம். "பீரியட் சீக்கிரமே வந்துடுச்சுக்கா, தப்பிச்சேன்" என்று செய்தி அனுப்பினாள். ஆனாலும் மனம் கேட்காமல் 22-ஆம் தேதி வீட்டிலேயே சோதனை செய்தாள். ஒரே கோடு. நிம்மதி. பிறகு 31-ஆம் தேதி வந்தது, மாதவிடாய் வரவில்லை. இப்போது பயம் முன்னைவிட இரண்டு மடங்காக அவளைப் பிடித்துக்கொண்டது.

எங்கள் நிகழ்ச்சிக்கு அவ்வப்போது வரும் மகளிர் மருத்துவர் ஒருவரிடம் இந்தத் தேதிகளை அப்படியே சொன்னேன். அவர் ஒரு தாளில் காலண்டர் வரைந்து விளக்கினார்.

அவளுக்கு மாதவிடாய் தொடங்கியது மார்ச் 3. சுழற்சி 28 நாள். அப்படியானால் அடுத்தது மார்ச் 31. முட்டை வெளியானதிலிருந்து மாதவிடாய் வரை ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும் என்பதால், முட்டை வெளியாக வேண்டிய நாள் 17-ஐ ஒட்டி இருந்திருக்கும். விந்தணு பெண் உடலுக்குள் ஐந்து நாள் வரை உயிரோடு இருக்கும். 12-ஆம் தேதி போனது 17 வரை தாக்குப் பிடிக்கலாம். ஆகவே ஆபத்து உண்மையானதுதான்.

இந்த மாத்திரை செய்யும் வேலை முட்டை வெளியாவதைத் தள்ளிப்போடுவது. ஏற்கெனவே உண்டான கருவை அது கலைப்பதில்லை. விந்தணு செத்துப்போகும் வரை முட்டையைப் பிடித்து வைத்தால் போதும். ஆனால் முட்டை நான்கு நாள் தாமதமானால், அதன் பின்னே வரும் மாதவிடாயும் நான்கு நாள் தாமதமாகத்தானே வரும்? ஆகவே நாள் தள்ளிப்போனது, மருந்து தன் வேலையைச் செய்ததன் விளைவாகவே இருக்கலாம்.

எல்லோருக்கும் இப்படித் தள்ளித்தான் போகும் என்றும் இல்லை. சுழற்சியின் தொடக்க நாள்களில் இந்த மாத்திரையைச் சாப்பிட்டவர்களுக்கு மாதவிடாய் சில நாள் முன்னதாகவே வரலாம். முட்டை வெளியான பிறகு சாப்பிட்டவர்களுக்குப் பெரிய மாற்றம் தெரியாமலும் போகலாம். பெரும்பாலோருக்கு, எதிர்பார்த்த நாளிலிருந்து முன்போ பின்போ ஒரு வாரத்துக்குள் வந்துவிடும். 120 மணி நேரம் வரை பயன்படும் யூலிப்ரிஸ்டல் என்ற இன்னொரு மாத்திரை, மாதவிடாயைச் சற்றுப் பின்தள்ளுவதே வழக்கம்.

18-ஆம் தேதி பட்ட இரத்தம்? மாத்திரையில் உள்ள ஹார்மோன் ஒரேயடியாக ஏறி இறங்கியதால் கர்ப்பப்பையின் உட்சுவர் கொஞ்சம் கசிந்திருக்கலாம். மாத்திரைக்குப் பின் சில நாளில் இப்படி லேசாகப் படுவது சகஜம். அதை மாதவிடாய் என்று எழுதி வைத்துக்கொண்டால் அதன்பின் போடும் எல்லாக் கணக்கும் தவறும். வழக்கமான அளவில், வழக்கமான நாள்கள் போனால் மட்டுமே அதை மாதவிடாய் என்று எடுத்துக்கொள்ளலாம்.

22-ஆம் தேதி தெரிந்த ஒற்றைக் கோடு எதையும் சொல்லவில்லை என்றார் மருத்துவர். சோதனைக் குச்சி தேடுவது எச்.சி.ஜி. என்ற ஹார்மோனை. கரு கர்ப்பப்பைச் சுவரில் பதிந்த பிறகுதான் அது சுரக்கத் தொடங்கும். பதிவதற்கு, முட்டை வெளியான நாளிலிருந்து ஆறு முதல் பன்னிரண்டு நாள் வரை ஆகும். மருந்து வேலை செய்யாமல் 17-ஆம் தேதியே கரு உண்டாகியிருந்தாலும், அது பதிய 23 முதல் 29 ஆகிவிடும். பிறகு சிறுநீரில் தெரியும் அளவுக்கு ஹார்மோன் ஏற இன்னும் சில நாள். அதாவது 22-ஆம் தேதி கர்ப்பமாகவே இருந்திருந்தாலும் அந்தக் குச்சி ஒரு கோட்டைத்தான் காட்டியிருக்கும்.

அதனால்தான் 21 நாள் என்கிறார்கள். உறவு நடந்த நாளிலிருந்து 21 நாள் கழித்துச் செய்யும் சோதனையை நம்பலாம். மார்ச் 12-உடன் 21-ஐக் கூட்டினால் ஏப்ரல் 2. மாத்திரை சாப்பிட்டதால் சோதனை முடிவு மாறிவிடுமோ என்றும் பலர் கேட்பதுண்டு. மாறாது, மாத்திரையில் எச்.சி.ஜி. கிடையாது.

மருத்துவர் இன்னொன்றையும் கேட்கச் சொன்னார்: மாத்திரைக்குப் பின் பாதுகாப்பில்லாமல் மறுபடியும் உறவு இருந்ததா? முட்டை தாமதமாகத்தான் வெளியாகிறது என்பதால், மாத்திரைக்கு அடுத்த வாரமே ஆபத்தான வாரமாகிவிடலாம். முன்பு சாப்பிட்ட மாத்திரை அதற்குக் காவல் இல்லை. அப்படி நடந்திருந்தால், கடைசியாக நடந்த நாளிலிருந்து 21 நாளைப் புதிதாக எண்ண வேண்டும். என் தங்கை விஷயத்தில் அப்படி எதுவும் இல்லை.

ஏப்ரல் 2 காலை, எழுந்ததும் முதல் சிறுநீரில் சோதித்தாள். ஒரே கோடு. இந்த முறை அதை நம்பலாம். 4-ஆம் தேதி மாதவிடாய் வழக்கம்போல் வந்தது. நான்கு நாள் தாமதம்.

இதே நிலையில் இருப்பவர்கள் காலண்டரில் இரண்டு தேதியைக் குறித்து வையுங்கள். ஒன்று, மாதவிடாய் வரவேண்டிய நாளுடன் 7 நாள். அதையும் தாண்டி வராவிட்டால் சோதித்துப் பாருங்கள். இரண்டாவது, உறவு நடந்த நாளுடன் 21 நாள். முடிவு சொல்வது இந்த இரண்டாவது தேதிதான். அதற்குமுன் ஒற்றைக் கோடு வந்தால் அந்த நாளில் மறுபடியும் சோதியுங்கள். மாதவிடாய் வந்தும் வழக்கத்தைவிட மிகக் குறைவாக இருந்தாலும் அன்று சோதிப்பது நல்லது.

இரண்டு கோடு தெரிந்தால் கிளினிக்குக்குப் போங்கள். அடிவயிற்றில், குறிப்பாக ஒரு பக்கமாகக் கடும் வலியோ, தலைசுற்றலோ வந்தால் எந்தத் தேதிக்கும் காத்திருக்காதீர்கள். கரு கர்ப்பப்பைக்கு வெளியே தங்கியிருக்கக்கூடும். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.