ஞாயிற்றுக்கிழமைத் தண்டம்

நான் வேலை செய்யும் சிறிய நூலகத்தில், கதவைத் திறக்கும் முன்பே ஒரு கடிதம் வந்து காத்திருக்கும். கணினியே எழுதி, தினமும் விடியற்காலையில் நூலகரின் மின்னஞ்சலுக்கு அனுப்பும் கடிதம் அது. கெடு தாண்டியும் திரும்பாத புத்தகங்கள் எவை, யார் கையில் இருக்கின்றன, தண்டம் எத்தனை காசு என்பதெல்லாம் அதில் வரிசையாக இருக்கும்.

இந்த வேலையைச் செய்வது கோஹா என்னும் இலவச மென்பொருள். நியூசிலாந்தின் வட்டார நூலகம் ஒன்றுக்காக எழுதப்பட்டு 2000-இல் பழக்கத்துக்கு வந்தது. நள்ளிரவு தாண்டியதும் அது ஒவ்வொரு இரவலின் கெடுவையும் பார்க்கும். பிறகு தன்னிடமுள்ள நாட்காட்டியைப் பார்க்கும். நூலகம் மூடியிருக்கும் நாளைத் தண்டக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடும். ஆனால் கதவு உண்மையில் பூட்டியிருக்கிறதா என்று எட்டிப் பார்க்க அதற்குத் தெரியாதே!

ஜொகூரில் 2014 முதல் வார விடுமுறை வெள்ளியும் சனியுமாக இருந்ததை அன்பர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2025 ஜனவரி 1 முதல் அது சனியும் ஞாயிறுமாக மாறியது. எங்கள் நூலகமும் அப்படியே மாறியது. கணினியைப் பராமரிக்கும் நிறுவனத்தார் மட்டும் நாட்காட்டியை மாற்றவில்லை.

அந்த மாதம் 27-ஆம் தேதி, திங்கட்கிழமை. செம்பனைத் தோட்டத்து அம்மா ஒருவர் மகளின் மூன்று புத்தகங்களோடு வந்தார். கெடு 24, வெள்ளிக்கிழமை. நாளொன்றுக்குப் புத்தகத்துக்கு 20 காசு. கணினி 1 வெள்ளி 20 காசு கேட்டது.

“சனி, ஞாயிறு நீங்க பூட்டிட்டுப் போயிட்டீங்க. இன்னைக்கு ஒரு நாளுக்குத்தானே தம்பி காசு?” என்றார்.

நியாயந்தான். அன்று காலைக் கடிதத்தையும் முந்தைய இரண்டு நாள் கடிதங்களையும் எடுத்து அருகருகே வைத்துப் பார்த்தேன். சனிக்கிழமை தண்டம் இல்லை. ஞாயிறு புத்தகத்துக்கு 20, திங்கள் 40. பூட்டிய ஞாயிறன்று தொகை ஏறியிருக்கிறது! முந்தைய வாரக் கடிதங்களில், திறந்திருந்த வெள்ளிக்கிழமை யாருக்குமே ஏறவில்லை. தனியாக ஒரு கடிதத்தை மட்டும் பார்த்திருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது.

அம்மாவிடம் 60 காசு மட்டும் வாங்கினோம். நூலகர் அன்றே நாட்காட்டியைத் திருத்தினார். ஆனால் திரும்பி வந்துவிட்ட புத்தகங்களின் பழைய தண்டம் தானாகக் குறையாது. ஜனவரியில் திரும்பியவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்து, கூடுதல் காசைக் கையாலேயே தள்ளுபடி செய்தோம். ஏற்கெனவே கட்டியவர்களுக்கு உறையில் போட்டு வைத்தோம். இரண்டு உறைகள் இன்னும் மேசை இழுப்பறையில் இருக்கின்றன.