கூட்டக் கூடாத எண்களின் கூட்டுத்தொகை

பத்துப் பேரின் கணக்கு எண்களைக் கூட்டி வரும் விடை எதற்கும் உதவாது. அது பணமும் அல்ல, ஆட்களின் எண்ணிக்கையும் அல்ல. டேட்டா என்ட்ரி பிரிவில் நான் சேர்ந்த புதிதில், மேற்பார்வையாளர் அந்த உதவாத கூட்டலைத்தான் முதலில் போடச் சொன்னார்.

ஐம்பது சலான்கள் ஒரு பேட்ச். அதன்மேல் ஒரு சீட்டு இருக்கும். சலான்கள் எத்தனை, தொகைகளின் கூட்டல் எவ்வளவு என்று அதில் எழுத வேண்டும். பின்னது கன்ட்ரோல் டோட்டல். மூன்றாவதாகக் கணக்கு எண்களின் கூட்டல். அது ஹேஷ் டோட்டல். தட்டி முடித்ததும் கணினியும் இந்த மூன்றையும் காட்டும். டேலி ஆனால்தான் பேட்ச் நகரும்.

மூன்றாவது எதற்கு? ஒட்டிக்கொண்ட தாள் ஒன்று விடுபட்டு, வேறொரு சலானை இருமுறை தட்டிவிட்டால் எண்ணிக்கை ஐம்பதாகவே நிற்கும். இரண்டிலும் கட்டணம் 500 என்றால் தொகையும் பிசகாது. கணக்கு எண்களின் கூட்டல் மட்டும் உதைக்கும்.

உதைக்கும் அளவிலேயே துப்பும் கிடைக்கும். ஒருமுறை கணினியின் ஹேஷ் டோட்டல் 270 கூடுதலாக வந்தது. வித்தியாசம் 9-ஆல் வகுபட்டால், பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறியிருக்குமோ என்று முதலில் சந்தேகப்படுவோம். 41473-ஐ 41743 என்று தட்டினால், நூறாம் இடத்தில் 300 ஏறும், பத்தாம் இடத்தில் 30 இறங்கும், மிச்சம் 270. ஆகவே, பத்தாம் இலக்கம் நூறாம் இலக்கத்தைவிட 3 கூடுதலாக உள்ள சலான்களை மட்டும் பார்த்தால் போதும். ஐம்பதில் நாலைந்துதான் தேறும். தவறு இரண்டு இடங்களில் நடந்திருந்தால் இந்தக் குறுக்குவழி பலிக்காது. கட்டு முழுவதையும் புரட்ட வேண்டியதுதான்.

இதெல்லாம், சீட்டிலுள்ள கூட்டலை, சலான்களைத் தட்டாத ஒருவர், தட்டுவதற்கு முன்பே, தாளைப் பார்த்துப் போட்டிருந்தால்தான். டேலி ஆகாத எரிச்சலில் திரையில் வந்த எண்ணைச் சீட்டில் திருத்திவைத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அந்த பேட்ச் பிரமாதமாக டேலி ஆகும்!

நேர்மையாகப் போட்ட கூட்டலும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. 23-ஆம் சலானின் 1,250 ரூபாய் 24-ஆம் சலானுக்கும், அதன் 2,150 இதற்கும் போய்விட்டால் மூன்று கூட்டல்களும் அப்படியே பொருந்தும். ஒருவர் கணக்கில் 900 குறையும், மற்றவர் கணக்கில் 900 ஏறும். குறைந்தவர் ரசீதோடு வந்து நிற்பார், ஏறியவர் வரமாட்டார். இதைப் பிடிக்க, இன்னொருவர் அதே பேட்ச்சை மறுபடி தட்டி வரிக்கு வரி ஒப்பிட வேண்டும். வேலை இரட்டிப்பாகும் என்பதால் எங்கள் பிரிவில் பெரிய தொகைகளுக்கு மட்டும் அப்படிச் செய்தோம்.