இடியாப்ப உரலும் ஒரு கொரியக் கவிதையும்

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கொரிய எழுத்துல போர்டு வெச்ச ஹோட்டல்களை நீங்களும் பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்பீங்க. அப்படி ஒன்றுக்குள் நான் நுழைந்ததற்குக் காரணம் பசி இல்லை, ஒரு கவிதை. பேக் சோக் எழுதி 1941-ல் வெளியான ‘குக்சு’. குக்சு என்றால் நூடுல்ஸ்.

ஆங்கில மொழிபெயர்ப்பில்தான் படித்தேன். பனி கொட்டும் ராத்திரி, ஊரே எதையோ எதிர்பார்த்துப் பூரிக்கிறது, வருவது நூடுல்ஸ். ரெண்டு நிமிஷத்துல வேகுற சமாச்சாரத்துக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று மூடி வைத்துவிட்டேன்.

ஒரகடத்தில் இன்டர்ன்ஷிப் போனபோது அங்கிருந்த ஒரு கொரிய இன்ஜினியரிடம் இதைச் சொன்னேன். சிரித்தார். “அதுல வர்ற வடக்குப் பக்கத்து வட்டார வார்த்தைகளுக்கு எங்களுக்கே குறிப்பு வேணும்” என்று சொல்லி, ஒரு பேப்பரின் பின்பக்கம் படம் போட்டார்.

முதல் படம் ஒரு மர அச்சு. கொதிக்கும் அண்டாவுக்கு மேலே அது நிற்கும். துளை போட்ட குழலில் மாவை வைத்து, நீளமான நெம்புகோலில் ஆள் ஏறி உட்கார்ந்து அழுத்தணும். மாவு பக்வீட் என்ற தானியத்தோடது. கோதுமை மாதிரி அதில் பசைத்தன்மை கிடையாது. கையால் இழுத்தால் அறுந்துவிடும். அதனால் நேராகக் கொதிநீரிலேயே பிழிகிறார்கள். நம்ம அரிசி மாவுக்கும் அதே பிரச்சினைதானே? இடியாப்ப உரல் ஞாபகம் வந்ததும், இது வீட்டில் நாலு பேர் சேர்ந்து செய்யும் வேலை என்று புரிந்தது. காத்திருப்புக்கு அர்த்தம் கிடைத்தது.

ஆனா இடியாப்பம் அதுக்கு மேல உதவாது. இந்த நூடுல்ஸைப் பரிமாறுவது ஐஸ் மிதக்கும் சாற்றில். முள்ளங்கியை உப்புத் தண்ணீரில் புளிக்கவைத்த ‘தொங்சிமி’யின் சாறு. குளிர்காலத்துல எதுக்கு ஜில்லுனு? தானியம் இலையுதிர் காலத்தில் அறுவடையாகும், முள்ளங்கி அதற்குப் பிறகுதான் பக்குவமாகும், ஐஸ் வாசலிலேயே கிடைக்கும். 1849-ல் எழுதப்பட்ட பண்டிகைக் குறிப்பு நூல் ஒன்றுகூட இதைப் பதினோராம் சந்திர மாத உணவாகத்தான் சொல்கிறது.

இரண்டாவது படம் ஒரு தரை. அடுப்புப் புகை வெளியேறும் முன் அறையின் கல் தரைக்கு அடியில் ஓடும், அதுதான் ஒண்டோல். அடுப்பை ஒட்டிய மூலைதான் ரொம்பச் சூடு. பெரியவர்களுக்கும் விருந்தாளிக்கும் அந்த இடம். கவிதையில் அந்த மூலை ஒற்றைச் சொல்லாக வந்துபோகிறது. மொழிபெயர்ப்பில் ‘சூடான அறை’ என்று இருந்ததால் நான் கவனிக்கவே இல்லை. கீழே சுடுகிற தரை, கையில் உறைந்த கிண்ணம், வெளியே பனி. மூணும் சேர்ந்தால்தான் அந்த ருசி.

நான் அந்த ஹோட்டலுக்குப் போனது மே மாசம். கிண்ணத்தில் ஐஸ் இருந்தது, ஏசி ஓடியது. காலடியில் டைல்ஸ் தரை சில்லென்று இருந்தது.